மஞ்சள் காப்ஸ்யூல் டப்பாவின் பின்பக்கம்: அம்மாவின் வால்வு மாத்திரையோடு சேருமா, சேராதா?

காவிரிக்கரை | 11 பிப்ரவரி 2024, காலை 6.40

டப்பாவில் இருக்கும் ஒரு வரியை எவ்வளவு நம்புவது என்பதுதான் என் கேள்வி.

அம்மாவுக்கு 61 வயது. 2011இல் மைட்ரல் வால்வு மாற்றினார்கள், உலோக வால்வு. அன்றிலிருந்து வால்வில் ரத்தம் உறையாமல் இருக்க அசெனோகூமரால் 2 மில்லிகிராம், தினம் இரவு ஒன்று. ரத்தம் உறைவது எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர் 2.5க்கும் 3.5க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அக்டோபரில் 2.9, நவம்பரில் 3.1, டிசம்பரில் 2.7. பொங்கல் வேலையில் ஜனவரி பரிசோதனையை விட்டுவிட்டோம்.

பொங்கலுக்கு அமெரிக்காவிலிருந்து வந்த தம்பி, அம்மாவின் முட்டிவலிக்காக மஞ்சள் காப்ஸ்யூல் ஒரு பெரிய டப்பா கொண்டுவந்தான். போகியன்றே அம்மா ஆரம்பித்துவிட்டார்கள். பிப்ரவரி 8ஆம் தேதி காலையில் பல் துலக்கும்போது ரத்தம் நிற்கவில்லை. முன்கையில் இரண்டு இடத்தில் நீலமாகக் கட்டியிருந்தது. ஐ.என்.ஆர் 5.6.

டாக்டர் ஒருநாள் மாத்திரையை நிறுத்தி, மறுநாளிலிருந்து 1 மில்லிகிராம் ஆக்கி, இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். "புதுசா ஏதாவது மருந்து சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்லை சார்" என்று அம்மா சொன்னார்கள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் அந்த டப்பா நினைவுக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்து டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். "கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வேறு மருந்து எடுத்துக்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்கவும்." என் பையனின் புரதப் பொடி டப்பாவிலும் இதே வரி அச்சடித்தாற்போல இருக்கிறது. எல்லாவற்றிலும் இருந்தால் அது எச்சரிக்கையா, சும்மா போடுகிற வரியா?

கல்கண்டு | 11 பிப்ரவரி, காலை 8.15

மஞ்சளில் என்ன கெடுதல் இருக்க முடியும்? என் பேத்திக்குச் சளி பிடித்தால் தினம் மஞ்சள் பால்தான். பாலில் மிளகும் தட்டிப் போடுங்கள், அம்மாவுக்கு முட்டிவலி குறையும். காப்ஸ்யூலே வேண்டாம்.

வடகாற்று | 11 பிப்ரவரி, காலை 9.02

மாத்திரைக்கும் காப்ஸ்யூலுக்கும் இரண்டு மணி நேர இடைவெளி விட்டால் போதும். என் மாமனாருக்குத் தைராய்டு மாத்திரையோடு கால்சியம் சேரக் கூடாது என்று அப்படித்தான் சொன்னார்கள். அதோடு, ரத்தம் மெலிக்கிற மாத்திரைக்கு ஆகாது என்றால் டப்பாவில் அதைப் பெயர் சொல்லியே போட்டிருப்பார்கள். போடவில்லை என்றால் பயப்பட வேண்டியதில்லை.

மாத்திரைப்பெட்டி | 11 பிப்ரவரி, மாலை 5.30

31 வருடம் மருத்துவமனை மருந்தகத்தில் இருந்தவன். முதலில் அவசரமான விஷயம். காப்ஸ்யூலை நிறுத்திவிட்டீர்களா? என்றைக்கு நிறுத்தினீர்கள்? டாக்டருக்குத் தெரியுமா?

ஏன் கேட்கிறேன் என்றால், காப்ஸ்யூல் உள்ளே இருப்பது தெரியாமலேயே அவர் மாத்திரையைப் பாதியாக்கியிருக்கிறார். 5.6க்கு அந்தக் காப்ஸ்யூலும் ஒரு காரணமாக இருந்து, அதை நீங்கள் வீட்டிலேயே நிறுத்தியும் விட்டால், ஏற்றியது போய்விட்டது, மாத்திரையும் பாதி. இனி ஐ.என்.ஆர் கீழே போகும். உலோக வால்வில் அது 2க்குக் கீழே போய் நிற்பது 5.6ஐவிட நல்லதில்லை. ரத்தக் கசிவு கண்ணுக்குத் தெரியும். வால்வில் கட்டும் உறைவு தெரியாது. இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள். நாளைக் காலை போன் செய்து, காப்ஸ்யூல் விஷயத்தைச் சொல்லி, பரிசோதனையை எப்போது எடுப்பது என்று கேளுங்கள்.

டப்பாவைப் பற்றி அப்புறம் பேசலாம். அதில் எச்சரிக்கை வரியை விட்டுவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்ற கட்டத்தை அப்படியே எழுதுங்கள். எத்தனை காப்ஸ்யூலுக்கு அந்தக் கணக்கு என்பதையும் சேர்த்து.

காவிரிக்கரை | 11 பிப்ரவரி, இரவு 9.50

9ஆம் தேதி நானே நிறுத்திவிட்டேன். டாக்டரிடம் சொல்லவில்லை. நிறுத்தியது நல்லதுதானே என்று நினைத்திருந்தேன். நிறுத்துவதையும் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கட்டத்தில் இருப்பது: "ஒரு வேளை = 2 காப்ஸ்யூல். மஞ்சள் வேர் சாறு 1000 மில்லிகிராம் (95 சதவீதம் குர்குமினாய்டு, 950 மில்லிகிராம்). மிளகுச் சாறு 10 மில்லிகிராம்." முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் "உடலில் அதிகம் சேரும்" என்றும், "மூட்டுகளுக்கும் ரத்த ஓட்டத்துக்கும் துணை" என்றும் இருக்கிறது.

மாத்திரைப்பெட்டி | 12 பிப்ரவரி, காலை 7.10

நீங்கள் கேட்ட எச்சரிக்கை இந்த மூன்று வரிகளில்தான் இருக்கிறது.

மஞ்சளில் வேலை செய்கிற சத்து குர்குமின். சமையல் மஞ்சள்தூளில் அது ஏறக்குறைய 3 சதவீதம். சாம்பார், பொரியல், கூட்டு எல்லாம் சேர்த்து ஒருவர் ஒரு நாளைக்கு ஒன்று, இரண்டு கிராம் மஞ்சள் சாப்பிட்டால் 30லிருந்து 60 மில்லிகிராம் குர்குமின். டப்பாவில் 950. அதைத் தூளாக உள்ளே தள்ள வேண்டுமென்றால் 30 கிராமுக்கு மேல், பத்து டீஸ்பூன் போல வரும். அதனால் "மஞ்சள்தானே" என்ற பேச்சு இங்கே பொருந்தாது. கல்கண்டு அம்மா, உங்கள் பேத்தியின் பாலுக்கும் இதற்கும் பெயர் மட்டும்தான் ஒன்று.

அடுத்தது மிளகுச் சாறு. வெறும் குர்குமின் குடலிலும் கல்லீரலிலும் மாற்றப்பட்டு வெளியே போய்விடும், ரத்தத்தில் நிற்பது மிகக் குறைவு. 1998இல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரிக்காரர்கள் 2 கிராம் குர்குமினோடு மிளகின் காரச் சத்தான பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் சேர்ந்த அளவு 2000 சதவீதம் கூடியது. இன்றைக்குப் பாதி டப்பாக்களில் மிளகு இருப்பது அதனால்தான். ஆனால் பைப்பரின் மஞ்சளுக்கு மட்டும் கதவைத் திறப்பதில்லை. மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளையே அது மந்தமாக்குகிறது. பிராப்ரனலால், தியோஃபிலின், ஃபெனிடாயின் எல்லாம் பைப்பரினோடு ரத்தத்தில் கூடியதை ஆட்களிடமே அளந்திருக்கிறார்கள். "உடலில் அதிகம் சேரும்" என்று ஒரு டப்பா பெருமையாகச் சொன்னால், கூடவே வேறு எதெல்லாம் அதிகம் சேரும் என்று கேட்க வேண்டும்.

வடகாற்று, நீங்கள் சொன்னது தைராய்டு-கால்சியம் ஜோடிக்குச் சரி, அதற்கும் நான்கு மணி நேரம் வேண்டும். அந்த இரண்டும் வயிற்றில் ஒட்டிக்கொள்வதால் இடைவெளி உதவும். இங்கே நடப்பது கல்லீரலிலும் ரத்தத்திலும். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று பிரித்தாலும் இரண்டும் உள்ளே சந்திக்கும்.

காவிரிக்கரை | 13 பிப்ரவரி, மாலை 6.20

நேற்று டாக்டருக்குப் போன் செய்தேன். திட்டவில்லை. உடனே பார்க்கச் சொன்னார். இன்று ஐ.என்.ஆர் 2.1. மறுபடி 2 மில்லிகிராம் தொடங்கச் சொல்லிவிட்டார், ஒரு வாரத்தில் இன்னொரு பரிசோதனை.

22ஆம் தேதி வரை காத்திருந்தால் எங்கே போய் நின்றிருக்கும் என்று நினைக்கவே கை நடுங்குகிறது. சார், உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

தறிச்சத்தம் | 13 பிப்ரவரி, இரவு 10.05

என்னுடையது மஞ்சள் இல்லை, அமுக்கரா, அதாவது அஸ்வகந்தா. தைராய்டு குறைவுக்கு நான்கு வருடமாகத் தைராக்சின் 75 மைக்ரோகிராம் சாப்பிடுகிறேன். தூக்கம் வரவில்லை என்று அஸ்வகந்தா காப்ஸ்யூல், தினம் 600 மில்லிகிராம், இரண்டு மாதம் எடுத்தேன். தூக்கம் வருவதற்குப் பதில் நெஞ்சு படபடப்பு வந்தது. உடம்பில் தைராய்டு ஹார்மோன் கூடினால் இறங்கும் டி.எஸ்.எச், 3.2ஆக இருந்தது 0.3 ஆகிவிட்டது.

என் டப்பாவில் மருத்துவரைக் கேட்கவும் என்ற வரிகூட இல்லை. ஆயுர்வேத மருந்து என்று மட்டும்தான் இருக்கிறது. "மன அமைதி, நல்ல தூக்கம், தைராய்டு சீராக்கும்" என்று பக்கவாட்டில் போட்டிருக்கிறது. அது என் நோய்க்கு நல்லது என்றுதான் நினைத்தேன்.

மாத்திரைப்பெட்டி | 14 பிப்ரவரி, காலை 6.55

தறிச்சத்தம், "தைராய்டு சீராக்கும்" என்ற அந்தப் பலன் வரிதான் உங்களுக்கான எச்சரிக்கை. நீங்கள் சாப்பிடும் மாத்திரை செய்கிற அதே வேலையைத் தானும் செய்வதாக டப்பா சொல்கிறது. 2018இல் வெளியான ஒரு சின்ன ஆய்வில், தைராய்டு லேசாகக் குறைந்திருந்த 50 பேரில் பாதிப்பேருக்கு இதே 600 மில்லிகிராம் வேர்ச் சாறு எட்டு வாரம் கொடுத்தார்கள். அவர்கள் தைராக்சின் எடுக்காதவர்கள். ஹார்மோன் ஏறியது, டி.எஸ்.எச் இறங்கியது. உங்களுக்கு மாத்திரையிலிருந்து முழு அளவு ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறது. அதன்மேல் இது. டென்மார்க் 2023இல் அஸ்வகந்தாவையே தடை செய்ததற்குச் சொன்ன காரணங்களில் தைராய்டும் ஒன்று.

இப்படிப் படித்துப் பழகினால் எந்த டப்பாவும் பேசும். "சர்க்கரை அளவைக் காக்கும்" என்றால் கிளிமிபிரைடு சாப்பிடுபவர் நிற்க வேண்டும். "அமைதியான உறக்கம்" என்றால் குளோனசிபாம் சாப்பிடுபவர். காவிரிக்கரை அம்மாவின் டப்பாவில் "ரத்த ஓட்டத்துக்குத் துணை".

எச்சரிக்கை ஏன் ஒரு டப்பாவில் இருக்கிறது, ஒன்றில் இல்லை என்றால், உரிமம் வேறு வேறு. 14 இலக்க எண்ணோடு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிமம் இருந்தால் அது சட்டப்படி உணவு. 2016 விதிகளின்படி "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று போட வேண்டும், தெரிந்த பக்கவிளைவுகளையும் வெளியாகியிருக்கும் மருந்து மோதல்களையும் போட வேண்டும். ஆயுர்வேத மருந்து உரிமத்தில் வந்தால் விதி வேறு. சேர்மானப் பட்டியல், தாவரப் பெயர், அளவு எல்லாம் வேண்டும். "மருத்துவ மேற்பார்வையில் எடுக்கவும்" என்ற எச்சரிக்கை, நச்சுச் சரக்குகள் என்று ஒரு அட்டவணையில் இருப்பவை சேர்ந்தால்தான் கட்டாயம். அமுக்கரா அந்த அட்டவணையில் இல்லை. அதனால் அதே வேர், ஒரு டப்பாவில் எச்சரிக்கையோடும் இன்னொன்றில் எச்சரிக்கை இல்லாமலும் அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். வரி இல்லாதது பாதுகாப்பைக் காட்டாது, எந்தச் சட்டத்தில் டப்பா அச்சானது என்பதைத்தான் காட்டும்.

வடகாற்று | 14 பிப்ரவரி, காலை 11.20

இடைவெளி விஷயம் புரிந்தது, நன்றி. ஆனால் மிளகில் ஒரு சந்தேகம். காப்ஸ்யூலில் 10 மில்லிகிராம் மிளகுச் சாறு. மிளகில் ஏறக்குறைய 5 சதவீதம் பைப்பரின் என்று படித்தேன். என் மாமியார் வைக்கும் மிளகு ரசத்தில் ஆளுக்கு ஒரு கிராமாவது இருக்கும். கணக்குப்படி 50 மில்லிகிராம். அப்படியானால் ரசம் குடிப்பவர்கள் எல்லாருக்கும் மாத்திரை ஏற வேண்டுமே?

மாத்திரைப்பெட்டி | 14 பிப்ரவரி, இரவு 8.40

நல்ல கேள்வி, என்னையும் திருத்துகிறது. மிளகு என்ற பெயருக்கு நான் கொஞ்சம் அதிக எடை கொடுத்துவிட்டேன். 10 மில்லிகிராம் சாறு தனியாக உங்கள் வீட்டு ரசத்தைவிடப் பெரிதில்லை. வித்தியாசம் இரண்டு இடத்தில். ரசம் சோற்றோடு போகிறது, தட்டிய மிளகிலிருந்து பைப்பரின் மெதுவாகத்தான் வெளியே வரும். அதைவிட முக்கியமாக, பத்து வருடமாக ரசம் குடிக்கும் உடம்புக்குத்தான் அந்த 2 மில்லிகிராமை டாக்டர் நிர்ணயித்தார். ரசத்தின் விளைவு அந்த 2.9, 3.1க்குள் ஏற்கெனவே இருக்கிறது. கீரைக்கும் இதேதான். தினம் சாப்பிடுகிறவர் தினம் சாப்பிடலாம். திடீரென்று தொடங்குவதும் திடீரென்று விடுவதும்தான் இந்த மாத்திரைக்கு ஆகாது.

ஆக, இந்த டப்பாவில் மிளகின் பங்கு பெரும்பாலும் குர்குமினை உள்ளே விடுவது என்று மாற்றிக்கொள்கிறேன். அதற்கு அப்பால் எவ்வளவு என்று 10 மில்லிகிராமை வைத்து யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது.

காவிரிக்கரை, இரண்டு வேலை இருக்கிறது. மீதிக் காப்ஸ்யூலை எண்ணுங்கள். அப்புறம் ஜனவரி 14லிருந்து பிப்ரவரி 8 வரை வேறு எந்தச் சீட்டாவது வீட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள். பல், காய்ச்சல், வயிற்றுப்போக்கு, எதுவானாலும்.

காவிரிக்கரை | 15 பிப்ரவரி, இரவு 9.15

எண்ணினேன். 120இல் 86 மீதி. 26 நாளில் 34தான் போயிருக்கிறது. "இவ்வளவு பெருசா இருக்கே, ஒண்ணு போதும்னு விட்டுட்டேன்" என்கிறார்கள் அம்மா. சில நாள் மட்டும் முட்டி அதிகமாக வலித்தபோது இரண்டு. அப்படியானால் சராசரியாக நாளைக்கு 620 மில்லிகிராம் போல. சார் சொன்ன 950 எங்கள் வீட்டுக் கணக்கு இல்லை. ஆனாலும் 20 கிராம் மஞ்சள்தூள்.

அப்புறம் சீட்டு. கிடைத்துவிட்டது. சாமி அலமாரியில் பஞ்சாங்கத்துக்கு நடுவில் இருந்தது. ஜனவரி 29ஆம் தேதி அம்மா தனியாகப் பல் டாக்டரிடம் போயிருக்கிறார்கள். மெட்ரோனிடசோல் 400 என்ற கிருமிக்கொல்லி மாத்திரை, நாளைக்கு மூன்று, ஐந்து நாள். என்னிடம் சொல்லவில்லை. பல் டாக்டர் வேறு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டாராம். "இதய மாத்திரை" என்று மட்டும் சொன்னார்களாம்.

மாத்திரைப்பெட்டி | 16 பிப்ரவரி, காலை 6.30

இதைத்தான் தேடினேன். இந்த வகை மாத்திரைகளின் ஐ.என்.ஆரை மெட்ரோனிடசோல் ஏற்றும் என்பதில் சந்தேகமே கிடையாது. கல்லீரலில் இதைச் சிதைக்கும் நொதியையே அது தடுக்கிறது. சில நாளிலேயே ஏறும், நிறுத்திய பிறகும் உடனே இறங்காது. பிப்ரவரி 2 வரை சாப்பிட்டு 8ஆம் தேதி 5.6 என்றால் பொருந்துகிறது. நீதிமன்றம் என்றால் மெட்ரோனிடசோலைத்தான் முதலில் கூண்டில் ஏற்றுவேன்.

அதற்காக மஞ்சளை விடுதலை செய்யவும் மாட்டேன். 2018இல் நியூசிலாந்தின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. வார்ஃபரினில் நிலையாக இருந்த ஒருவர் மஞ்சள் கலந்த ஒன்றைத் தொடங்கிய சில வாரத்தில் ஐ.என்.ஆர் 10க்கு மேல் போனது. அசெனோகூமரால் அதே குடும்பம். இன்னொன்று: குர்குமின் ரத்தத் தட்டுகள் ஒட்டுவதையும் குறைக்கக் கூடும். அதை ஐ.என்.ஆர் காட்டாது. அளவு 2.9 என்று வந்தாலும் ஈறு கசியலாம்.

காவிரிக்கரை | 16 பிப்ரவரி, இரவு 10.30

இன்று சாயங்காலம் அம்மாவிடம் மறுபடி உட்கார்ந்து கேட்டேன். பல் டாக்டரிடம் எதற்குப் போனீர்கள், வலியா?

வலி இல்லையாம். ஈறில் ரத்தம் வந்ததாம். குடியரசு தினத்துக்கு இரண்டு நாள் முன்பிருந்தே. மெட்ரோனிடசோல் தொடங்குவதற்கு ஐந்து நாள் முன்பு, காப்ஸ்யூல் தொடங்கி பத்து நாள் கழித்து.

எனக்கு இப்போது வேறு மாதிரி தெரிகிறது. முதல் கசிவு காப்ஸ்யூலால், அதற்கு வைத்தியம் செய்யப் போய் மெட்ரோனிடசோல், இரண்டும் சேர்ந்து 5.6. சரிதானா சார்?

மாத்திரைப்பெட்டி | 17 பிப்ரவரி, காலை 7.00

இருக்கலாம். ஈறு வீக்கம் இருந்தாலே ரத்தம் வரும், இந்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் கொஞ்சம் அதிகமாகவே வரும். ஜனவரி பரிசோதனை எடுத்திருந்தால் தெரிந்திருக்கும். இப்போது அதைத் திரும்ப எடுக்க முடியாது. காப்ஸ்யூலை மறுபடி கொடுத்துப் பார்ப்பதும் யாரும் செய்யக் கூடாத காரியம். இரண்டையும் சந்தேகப் பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள்.

தறிச்சத்தம் | 18 பிப்ரவரி, மாலை 4.45

அமுக்கராவை நிறுத்திப் பத்து நாள் ஆகிறது, படபடப்பு இல்லை. டாக்டர் தைராக்சினைக் குறைக்கவில்லை, ஆறு வாரம் கழித்து டி.எஸ்.எச் பார்க்கலாம் என்றார். என் சித்தி அமுக்கரா சூரணம் பாலில் வருடக்கணக்காகச் சாப்பிடுகிறார், அவரும் தைராய்டு மாத்திரைதான், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏன் என்று புரியவில்லை. அவர் பொடியையும் சேர்த்துத்தான் மாத்திரை அளவு சரியாக்கப்பட்டதோ, ரசம் மாதிரி?

கல்கண்டு | 18 பிப்ரவரி, இரவு 7.30

இதை எல்லாம் படித்துவிட்டு என் வீட்டுக்காரர் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். அவருக்குச் சர்க்கரைக்கு இரண்டு மாத்திரை. நான்தான் கடையில் கேட்டு வாங்கிய மூலிகைக் காப்ஸ்யூல், "ரத்தச் சர்க்கரையைக் காக்கும்". போன மாதம் விடியற்காலையில் வியர்த்து எழுந்து உட்கார்ந்தார். வெயில் என்று நினைத்தோம். ஜனவரியில் என்ன வெயில்! நாளைக்கு டப்பாவோடு டாக்டரிடம் போகிறோம்.

காவிரிக்கரை | 6 மார்ச், இரவு 8.10

பிப்ரவரி 20இல் 2.7. இன்று 3.0. பழைய 2 மில்லிகிராமிலேயே.

டாக்டரிடம் டப்பாவையே கொண்டுபோனேன். எச்சரிக்கை வரியை அவர் பார்க்கவில்லை, நேராகக் கட்டத்தைத்தான் பார்த்தார். அம்மாவின் ஐ.என்.ஆர் புத்தகத்தில் தேதிக்கும் அளவுக்கும் பக்கத்தில் எப்போதும் காலியாகவே கிடக்கும் ஒரு பத்தி உண்டு. அதில் "மஞ்சள் காப்ஸ்யூல் 14.1 – 8.2, மெட்ரோனிடசோல் 29.1 – 2.2" என்று எழுதினார். முட்டிவலிக்குப் பாராசிட்டமாலும் பயிற்சியும் சொல்லியிருக்கிறார். பாராசிட்டமாலும் தொடர்ந்து நிறையப் போட்டால் ஐ.என்.ஆர் ஏறுமாம், அதனால் எத்தனை போட்டோம் என்பதையும் அதே பத்தியில் எழுதச் சொன்னார்.

"மஞ்சள் எப்பம்மா மருந்தாச்சு?" என்று அம்மா வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் பேனாவை எடுத்து, அந்தப் பத்தியில் தானே எழுதினார்கள்: "மார்ச் 6, தைலம் மட்டும்."

தைலம் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். ஆஸ்பிரின் குடும்பத்துச் சரக்கு ஒன்று, மீத்தைல் சாலிசிலேட், 30 சதவீதம். சார், இது தோல் வழியாகப் போகுமா?

மாத்திரைப்பெட்டி | 7 மார்ச், காலை 6.20

போகும். முழங்கால் முழுக்க நாளைக்கு இரண்டு மூன்று முறை தேய்த்தால் இந்த மாத்திரையோடு ஐ.என்.ஆர் ஏறியதாகவே பதிவுகள் இருக்கின்றன. எப்போதாவது கொஞ்சம் தடவுவது வேறு. எவ்வளவு தேய்க்கிறார்கள் என்று பார்த்து எழுதுங்கள், டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள்.